இறுதிக் கணக்குத் தாளில் ப்ரோ-ரேட்டா: எந்த வரியில் செல்லும், எந்த வரியில் செல்லாது

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் 2019 டிசம்பர் 9-ல் சேர்ந்தேன், 2025 ஜூலை 18 கடைசி நாள். மாதச் சம்பளம் 60,000, அதில் பேசிக் 27,000. லீவ் ஆப்பில் ஈ.எல்., அதாவது ஈட்டிய விடுப்பு, 22 நாள் இருந்தது. ஃபுல் அண்ட் ஃபைனல் தாளில் 13 நாள் என்று போட்டு 11,700 மட்டும் கொடுத்திருக்கிறார்கள். நான் 44,000 எதிர்பார்த்தேன். கேட்டால் "எல்லாம் ப்ரோ-ரேட்டா, இருந்த காலத்துக்கு ஏற்ற பங்குதான்" என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? தாளில் உள்ள மற்ற வரிகள்: ஜூலை சம்பளம் 34,839, கிராஜுவிட்டி 87,387. பிடித்தம்: நோட்டீஸ் 14 நாளுக்கு 28,000, பி.எஃப். 3,285, தொழில் வரி 1,250. கையில் வருவது 1,01,391.

பதில்: ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் தாள் தப்பு. வேடிக்கை என்னவென்றால், நீங்கள் சந்தேகப்படும் விடுப்பு வரியில் அவர்கள் பெரும்பாலும் தப்பித்துவிடுவார்கள். நீங்கள் கவனிக்காமல் விட்ட கிராஜுவிட்டி வரியில்தான் மாட்டிக்கொள்வார்கள். பதினாறு வருடம் சம்பளப் பட்டியல் போடும் வேலையில் இருந்தேன், இப்படிப்பட்ட தாள்களை நானே நூற்றுக்கணக்கில் தயாரித்திருக்கிறேன். வக்கீல் இல்லை. உங்கள் பணி நியமனக் கடிதத்தையும் நான் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது கடிதத்தைப் பார்த்தால்தான் தெரியும் என்பதைப் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் ஜூலை சம்பளம். 60,000-ஐ 31-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்கினால் 34,838 ரூபாய் 71 காசு, முழுமையாக்கினால் 34,839. சரியாக இருக்கிறது. சில இடங்களில் எல்லா மாதத்தையும் 30 நாளாக வைப்பார்கள், அப்படியானால் 36,000 வந்திருக்கும். வேலை நாளை மட்டும் எண்ணும் இடங்களும் உண்டு. அந்த ஜூலையில் சனி, ஞாயிறு போக 23 நாள், அதில் நீங்கள் 14 நாள் வந்திருப்பீர்கள், அந்தக் கணக்கில் 36,522. மூன்றுமே நடைமுறையில் இருக்கும் முறைகள்தான். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: முன்பு எப்போதாவது சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால், அந்த மாத பே ஸ்லிப்பில் எந்த எண்ணால் வகுத்தார்கள்? அன்று 31 என்றால் இன்றும் 31. அன்று 30-ஆல் வகுத்துவிட்டு இன்று 31-க்கு மாறியிருந்தால் கேளுங்கள். இந்த 31 என்ற எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கீழே அது மறுபடி வரும்.

இப்போது விடுப்பு. 22-க்கும் 13-க்கும் நடுவில் 9 நாள் எங்கே போனது? உங்கள் நிறுவனம் வருடத்துக்கு 18 நாள் ஈ.எல். கொடுக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன், எண்கள் அதோடுதான் பொருந்துகின்றன. ஜனவரி 1 அன்று ஆப்பில் அந்த 18 நாளையும் மொத்தமாக ஏற்றிவிடுவார்கள். அது முன்பணம் மாதிரி. நீங்கள் டிசம்பர் வரை இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கொடுத்தது. போன வருடத்து மிச்சம் 11, இந்த வருடத்து 18, எடுத்தது 7 என்றால் ஆப்பில் 22 தெரியும். ஜூலையில் கிளம்பும்போது அந்த 18-ல் நீங்கள் ஈட்டியது எவ்வளவோ அவ்வளவுதான் உங்களுடையது. மாதத்துக்கு ஒன்றரை நாள், ஆறு முழு மாதம், ஆக 9. பதினொன்றும் ஒன்பதும் இருபது, அதில் ஏழு போனால் 13. ஆப்பில் தெரிந்த எண்ணை வைத்துச் சண்டை போட்டால் நிற்காது.

ஆனால் அந்த 13-ஐ அப்படியே ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். ஜூலையின் பதினெட்டு நாளும் கணக்கிலேயே வரவில்லை, பாருங்கள். நாள் கணக்கில் ஈட்டினால் ஜனவரி 1 முதல் ஜூலை 18 வரை 199 நாள். 18-ஐ 365-ஆல் வகுத்து 199-ஆல் பெருக்கினால் 9.81, அப்போது இருப்பு 13.81. இன்னொரு வழக்கமும் உண்டு: 15-ம் தேதியைத் தாண்டி வேலை பார்த்திருந்தால் அந்த மாதம் முழு மாதம். அப்படியானால் ஏழு மாதம், பத்தரை நாள், இருப்பு 14.5. இந்த மூன்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பது விடுப்புக் கொள்கையில்தான் இருக்கும். அதில் எதுவும் எழுதவில்லையென்றால், நீங்கள் சேர்ந்த மாதத்தில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். டிசம்பர் 9 அன்று சேர்ந்தீர்கள். அந்த மாதத்துக்கு ஒன்றரை நாளோ, நாள் கணக்கில் ஒரு நாளுக்கு மேலோ வரவு வைத்திருந்தால், சேரும்போது ஒரு அளவுகோல் போகும்போது ஒரு அளவுகோலா என்று கேட்கலாம். கேட்டுப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இருப்பதில்லை.

அடுத்தது நாள் ஒன்றுக்கு எவ்வளவு. 11,700-ஐ 13-ஆல் வகுத்தால் 900. அதாவது பேசிக் 27,000-ஐ 30-ஆல் வகுத்திருக்கிறார்கள். நீங்கள் முழுச் சம்பளத்தை 30-ஆல் வகுத்து 2,000 என்று எடுத்து, அதை 22-ஆல் பெருக்கியதால்தான் 44,000 வந்தது. தனியார் நிறுவனங்களில் பேசிக் மட்டும் என்பதுதான் பரவலான வழக்கம், 30-ஆல் வகுப்பதும் 26-ஆல் வகுப்பதும் இரண்டும் உண்டு. 26 என்றால் இதே 13 நாளுக்கு 13,500 வந்திருக்கும். அலுவலக ஊழியர் விஷயத்தில் இது கொள்கையைப் பொறுத்தது, சட்டம் இந்த எண்தான் என்று கட்டாயப்படுத்துவதாகச் சொல்ல என்னால் முடியாது. தொழிற்சாலைத் தொழிலாளி என்றால் கதை வேறு. நீங்கள் விலகிய சமயத்தில் இருந்த 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில், இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு, அந்த விடுப்புக்கான சம்பளம் ஓவர்டைமும் போனஸும் நீங்கிய முழு வருமானத்தின் நாள் சராசரி. அங்கே "பேசிக் மட்டும்" என்று எழுதினால் செல்லாது. உங்கள் கேள்வியின் தொனியை வைத்து நீங்கள் அலுவலக ஊழியர் என்று எடுத்துக்கொண்டேன்.

விடுப்பு இருப்பில் இன்னொரு ஓட்டையையும் பார்த்துவிடுங்கள். நான் ஒரு நிறுவனத்தை விட்டு வந்தபோது எனக்கே நடந்தது. நோட்டீஸ் காலத்தில் இரண்டு நாள் லீவ் எடுத்தேன், மேலாளர் ஒப்புதலும் கொடுத்தார். அந்த இரண்டு நாள் ஈ.எல். இருப்பிலும் கழிந்திருந்தது, கடைசி மாதச் சம்பளத்தில் சம்பளமில்லா விடுப்பாகவும் கழிந்திருந்தது. அதே பட்டியலைப் பத்து வருடம் போட்டவன் நான், என் தாளை மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. காரணம் எளிது: ராஜினாமா பதிவானதும் மென்பொருளில் ஊழியரின் நிலை மாறுகிறது. அதற்குப் பிறகு வரும் லீவை அது ஏற்காமல் சம்பளமில்லா விடுப்பு ஆக்கிவிடும், லீவ் ஆப் மட்டும் தன்பாட்டுக்கு இருப்பைக் கழித்துக்கொள்ளும். உங்களுக்கு ஜூலையில் 18 நாளும் முழுதாகக் கொடுத்திருப்பதால் அந்த மாதத்தில் பிரச்சினை இல்லை. ஜூன் பே ஸ்லிப்பை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

இனி கிராஜுவிட்டி. இங்கே சந்தேகத்துக்கு இடமில்லை. 1972-ம் ஆண்டு பணிக்கொடைச் சட்டத்தில் ப்ரோ-ரேட்டா என்ற பேச்சே கிடையாது. முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் ஊதியம். கடைசியாக உள்ள துண்டு ஆறு மாதத்தைத் தாண்டினால் அதுவும் ஒரு முழு வருடம், தாண்டாவிட்டால் பூஜ்யம். மாதச் சம்பளக்காரருக்கு ஒரு நாள் ஊதியம் காண 26-ஆல்தான் வகுக்க வேண்டும், அதுவும் சட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் ஐந்து வருடம் ஏழு மாதம் சொச்சம், எனவே ஆறு வருடம். 27,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கு 15,576.92. ஆறு வருடத்துக்கு 93,462. அவர்கள் போட்டது 87,387. எப்படி வந்தது என்று பின்னாலிருந்து போட்டுப் பார்த்தேன்: 87,387-ஐ 15,576.92-ஆல் வகுத்தால் 5.61. ஐந்து வருடமும் மீதி 222 நாளும். 222-ஐ 365-ஆல் வகுத்தால் 0.61. ஆக, விடுப்புக்குப் போட்ட பழக்கத்தில் இங்கேயும் நாள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். உங்களுக்கு 6,075 குறைகிறது. இதற்குக் கொள்கையோ கடிதமோ பார்க்க வேண்டியதில்லை. கொள்கையில் அப்படியே எழுதியிருந்தாலும் சட்டம் தருவதைக் கொள்கையால் குறைக்க முடியாது. கூடுதலாகத் தரலாம், அவ்வளவுதான்.

இந்தப் பின்னாலிருந்து வகுக்கும் வழியை எல்லா வரியிலும் செய்து பாருங்கள். தாளில் தொகை மட்டும்தான் இருக்கும், எப்படி வந்தது என்று இருக்காது. தொகையை நாளால் வகுத்து, வரும் எண்ணைப் பேசிக்கோடும் முழுச் சம்பளத்தோடும் ஒப்பிட்டால் வகுத்த எண் தானாக வெளியே வந்துவிடும்.

நோட்டீஸ் பிடித்தத்தில் அப்படிச் செய்தால் என்ன வருகிறது? 28,000-ஐ 14-ஆல் வகுத்தால் 2,000. முழுச் சம்பளம், 30-ஆல் வகுத்தது. கொடுக்கும்போது 31, பிடிக்கும்போது 30. மேலே ஞாபகம் வைக்கச் சொன்னது இதற்குத்தான். 31-ஆல் வகுத்திருந்தால் 27,097, வித்தியாசம் 903 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் ஒரே தாளில் ஒரே மாதத்துக்கு இரண்டு வகுக்கும் எண்கள் இருப்பது கேட்கத் தகுந்த கேள்வி. நியமனக் கடிதத்தில் "30 நாள் மாதம்" என்று நோட்டீஸ் விதியில் தெளிவாக இருந்தால் அவர்கள் சொல்வது நிற்கும். அதைவிட முக்கியம், அந்த 14 நாள் யாரால் குறைந்தது என்பது. ஜூன் 3-ல் கடிதம் கொடுத்து 60 நாள் நோட்டீஸ் என்றால் ஆகஸ்ட் 1 வரை போகும், ஜூலை 18 வரை 46 நாள், குறை 14. நீங்கள் சீக்கிரம் விடுங்கள் என்று கேட்டிருந்தால் பிடித்தம் நியாயம். நீங்கள் இருக்கத் தயாராக இருந்தும் அவர்களாக ஜூலை 18-ல் விடுவித்திருந்தால் பிடிக்கக் காரணமே இல்லை. ராஜினாமாவை ஏற்றுக்கொண்டு வந்த மின்னஞ்சலின் வாசகத்தைப் பாருங்கள், விஷயம் அதில்தான் இருக்கிறது.

இதில் பலரும் விடும் இடம் ஒன்று உண்டு. விடுப்பை விற்றால் உங்களுக்கு நாளைக்கு 900. நோட்டீஸ் நாளை அவர்களிடமிருந்து வாங்கினால் நாளைக்கு 2,000. மிச்சமிருக்கும் விடுப்பை நோட்டீஸ் குறைவோடு நேர்செய்ய உங்கள் கொள்கை அனுமதித்தால், 13 நாள் விடுப்பைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு நாளுக்கு 2,000 கட்டினால் போதும். 11,700 வராது, ஆனால் 26,000 பிடித்தம் போய்விடும். உங்களுக்கு நிகரமாக 14,300 லாபம். பல கொள்கைகளில் "நிர்வாகத்தின் விருப்பப்படி" என்று ஒரு வரி இருக்கும். உரிமையாகக் கேட்க முடியாது, வேண்டுகோளாகக் கேட்கலாம். தாள் இறுதியாகி, நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டும். நோட்டீஸ் பிடித்தத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்திருந்தால், உங்கள் தாளில் இல்லை, ஆனால் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், அது தேவையில்லை என்று 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட மத்திய மறைமுக வரி வாரியத்தின் சுற்றறிக்கை தெளிவாக்கிவிட்டது.

பி.எஃப். வரி தப்பு, ஆனால் அவசரப்பட்டுக் கோபப்பட வேண்டாம். 18 நாளுக்கான பேசிக் 15,677. அதில் 12 சதவீதம் 1,881. அவர்கள் பிடித்தது 3,285. வித்தியாசம் 1,404, சரியாக 11,700-ல் 12 சதவீதம். விடுப்புத் தொகையையும் பேசிக்கோடு சேர்த்துவிட்டார்கள். விடுப்பைப் பணமாக்கிய தொகை பி.எஃப். கணக்குக்கான அடிப்படை ஊதியத்தில் சேராது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அந்த 1,404 தொலைந்துபோகவில்லை, உங்கள் பி.எஃப். கணக்கில்தான் இருக்கும், நிறுவனமும் தன் பங்கைப் போட்டிருக்கும். நானாக இருந்தால் பாஸ்புக்கில் வரவு வந்துவிட்டதா என்று மட்டும் பார்ப்பேன். பிடித்துவிட்டுக் கட்டவில்லை என்றால்தான் பிரச்சினை.

தொழில் வரி 1,250 சரி. சென்னையில் அது அரையாண்டுக்கு ஒரு முறை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான அரையாண்டில் உங்கள் வருமானம் 75,000-ஐத் தாண்டிவிட்டதால் முழுத் தொகை, இதற்கும் ப்ரோ-ரேட்டா கிடையாது. ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ புது நிறுவனம் மறுபடி பிடிக்க வரும். இந்தத் தாளைக் காட்டினால் நிறுத்திக்கொள்வார்கள்.

வருமான வரி வரியை நீங்கள் எழுதவில்லை. பிடித்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். வேலையில் இருக்கும்போது விடுப்பைப் பணமாக்கினால் முழுதும் வரிக்கு உட்பட்டது. ராஜினாமா செய்து போகும்போது வருவது அப்படியல்ல, அதற்கு விலக்கு உண்டு. தனியார் ஊழியருக்கு அதன் உச்ச வரம்பு 2023-ல் 3 லட்சத்திலிருந்து 25 லட்சமாக உயர்ந்தது, புது வரிமுறையிலும் கிடைக்கும். பத்து மாதச் சராசரிச் சம்பளம், வருடத்துக்கு முப்பது நாள் என்ற வேறு வரம்புகளும் அதில் இருக்கின்றன. 11,700 அவை எதையும் தொடாது, முழுதும் விலக்குத்தான். கிராஜுவிட்டியும் அப்படியே, அதன் வரம்பு 20 லட்சம். இவற்றுக்கு வரி பிடித்துவிட்டார்கள் என்றால், திருத்தச் சொல்லலாம். அவர்கள் செய்யாவிட்டால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கோரித் திரும்பப் பெறலாம்.

ஆக உங்கள் கடிதம் மூன்று விஷயத்தோடு போகட்டும், தொலைபேசியில் பேசாமல் மின்னஞ்சலில் கேளுங்கள். கிராஜுவிட்டி ஆறு வருடத்துக்கு 93,462, வித்தியாசம் 6,075 தர வேண்டும் என்று முதல் வரியிலேயே உறுதியாக எழுதுங்கள். அடுத்து, ஈட்டிய விடுப்பை எந்த விதிப்படி ஜூன் வரை மட்டும் எண்ணினார்கள், நாள் ஊதியத்துக்கு எந்த விதிப்படி பேசிக்கை 30-ஆல் வகுத்தார்கள் என்று கேட்டு, கொள்கையின் அந்தப் பக்கத்தையும் ஜனவரி முதலான லீவ் லெட்ஜரையும் அனுப்பச் சொல்லுங்கள். மூன்றாவதாக, விடுப்பை நோட்டீஸோடு நேர்செய்ய வேண்டுகோள். 44,000 என்ற எண்ணை எங்கேயும் எழுதாதீர்கள். எழுதினால் அதை மறுத்துப் பதில் போட்டுவிட்டு, கிராஜுவிட்டியைத் தொடாமல் கோப்பை மூடிவிடுவார்கள். "முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், வேறு கோரிக்கை இல்லை" என்று இருக்கும் தாளில் கையெழுத்துக் கேட்டால், கிராஜுவிட்டி வித்தியாசத்தைக் குறிப்பிட்டு அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள். அவர்கள் மசியவில்லை என்றால் கிராஜுவிட்டிக்குத் தொழிலாளர் துறையில் அதற்கென்று உள்ள கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். விடுப்புத் தொகைக்கு அந்த வழி கிடையாது, அது வேறு தகராறு.

நீங்கள் 2025 ஜூலையில் விலகியதால் மேலே சொன்னது பழைய சட்டங்களின் கணக்கு. அந்த வருடம் நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அதற்குப் பிறகு விலகுகிறவர்களுக்கு இரண்டு விஷயம் மாறுகிறது. ராஜினாமா செய்தாலும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். கிராஜுவிட்டிக்கு அடிப்படையாகும் ஊதியம் மொத்த ஊதியத்தில் பாதிக்குக் குறையக் கூடாது, அதனால் உங்களைப் போல 60,000-ல் பேசிக் 27,000 என்று வைத்திருப்பவர்கள் 27,000-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் ஒத்துக்கொள்ளக் கூடாது, 30,000-த்துக்குக் குறையாமல் எடுக்கச் சொல்ல வேண்டும். விடுப்புத் தொகையை நிறுவனங்கள் இதற்கேற்ப மாற்றுகின்றனவா என்பது கொள்கைக்குக் கொள்கை வேறுபடும். உங்கள் கொள்கைப் பக்கம் கையில் கிடைத்ததும், பெயர்களை அழித்துவிட்டு இங்கே போடுங்கள், 13-ஆ 14.5-ஆ என்று பார்த்துச் சொல்கிறேன்.